13 ரூபாய் 50 காசா, 31 ரூபாய் 50 காசா: ஒரு லிட்டர் பாலின் அசல் கணக்கு

"வணக்கம் டாக்டர் ஐயா. திருவண்ணாமலை மாவட்டம், பெயரும் ஊரும் போட வேண்டாம். மூன்று ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கிறேன். செவலை 2024 சித்திரையில் ஒரு கன்று, அடுத்தது 2025 ஆவணியில். இப்போது இரண்டு வேளையும் சேர்த்து 12 லிட்டர் கறக்கிறது. இரண்டாவது மாடு ஈன்று எட்டு மாதம், 6 லிட்டர், இன்னும் சினை பிடிக்கவில்லை. மூன்றாவது நிறைசினை, எட்டாவது மாதம், பால் வற்றிவிட்டது, அதனால் தீவனத்தை நிறுத்திவிட்டேன். சொசைட்டியில் லிட்டருக்கு 36 ரூபாய் விழுகிறது. செவலைக்கு 6 கிலோ கம்பெனி தீவனம் வைக்கிறேன், 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். பசுந்தீவனம் 25 சென்ட் கோ-5, வைக்கோல் சொந்த வயல். நானே பார்த்துக்கொள்வதால் ஆள் கூலி இல்லை. என் கணக்குப்படி லிட்டருக்கு 13 ரூபாய் 50 காசுதான் செலவு, 22 ரூபாய் லாபம். கடன் வாங்கி இன்னும் இரண்டு மாடு பிடிக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்காரர், இதெல்லாம் நஷ்டம், மூன்றையும் விற்றுவிடு என்கிறார். போன தடவை செவலைக்கு நான்கு மாதம் கழித்துத்தான் முதல் சினை ஊசி போட்டோம், நாலாவது ஊசிக்குத்தான் பிடித்தது. சீக்கிரம் சினையானால் பால் குறையும் என்பதால் இந்தத் தடவையும் அப்படியே விடலாம் என்று நினைக்கிறேன். யார் சொல்வது சரி?"

அம்மா, உங்கள் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. 6 கிலோ தீவனம் 162 ரூபாய், அதை 12 லிட்டரால் வகுத்தால் 13.50 சரியாகத்தான் வருகிறது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மாடு அதிகமாகக் கறக்கும் ஒரு நாளைப் பிடித்து, அன்று செய்யும் செலவுகளில் ஒன்றை மட்டும் எடுத்து வகுத்திருக்கிறீர்கள். மாடு வருடம் முழுக்கத் தின்கிறது, ஆனால் 12 லிட்டர் கொடுப்பது இரண்டு மூன்று மாதம்தான். அதனால் பால் கணக்கை நாள் கணக்காகவோ மாதக் கணக்காகவோ போடக் கூடாது. ஒரு கன்று போட்ட நாளிலிருந்து அடுத்த கன்று போடும் நாள் வரைக்கும் ஒரு சுற்று, அந்தச் சுற்றுக்குத்தான் போட வேண்டும்.

செவலையின் சுற்றை நீங்களே எழுதிவிட்டீர்கள். 2024 சித்திரை முதல் 2025 ஆவணி வரை 16 மாதம், ஏறத்தாழ 480 நாள். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் சண்டையைத் தீர்க்க இந்த ஒரு எண் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

12 லிட்டர் மாடு உண்மையில் எத்தனை லிட்டர் மாடு?

கலப்பின மாட்டுக்கு நாங்கள் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. உச்சத்தில் எத்தனை லிட்டர் கறக்கிறதோ அதை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈற்றுக்கு மொத்தம் எவ்வளவு பால் வரும் என்று தெரியும். போன ஈற்றிலும் செவலை இதே அளவு உச்சம் தொட்டது என்று வைத்துக்கொண்டால் 2,400 லிட்டர். முதல் நூறு நாளில் ஆயிரத்துச் சொச்சம், அடுத்த நூறு நாளில் 750 போல, கடைசி நான்கு மாதத்தில் நாலரை லிட்டர் சராசரியில் ஒரு 600. பதினோரு மாதத்தில் மாடு தானாக வற்றிப் போயிருக்கும். மீதி ஐந்து மாதம் கறவையே இல்லை.

இப்போது 2,400-ஐ 480 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 5 லிட்டர். கொட்டகையில் நிற்பதைப் பார்த்து ஊரே 12 லிட்டர் மாடு என்கிறது, ஆனால் நீங்கள் தீனி போட்டு வளர்ப்பது 5 லிட்டர் மாட்டைத்தான். சந்தையில் மாடு பிடிக்கும்போதும் இதை மனதில் வையுங்கள், தரகர் சொல்வது உச்சப் பால் மட்டும்தான்.

பாலின் அளவுக்கு உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள், சொசைட்டி அட்டையில் ஏறிய லிட்டரும், வீட்டுக்கு எடுத்த பாலும் மட்டும் கணக்கு. வீட்டுக்கு எடுத்த பாலையும் 36 ரூபாய் வரவாகவே எழுதுங்கள், இல்லாவிட்டால் மாட்டுக்கு அநியாயம் செய்கிறீர்கள். 36 ரூபாய் என்பதும் போர்டில் எழுதியிருக்கும் விலையாக இருக்கக் கூடாது. கொழுப்பும், கொழுப்பு நீங்கிய இதர சத்தும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஆகவே கைக்கு வந்த மொத்தப் பணத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள், அதுதான் உங்கள் விலை.

தீனிக்கு எவ்வளவு?

அடர்தீவனத்தில் ஆரம்பிப்போம். மாடு தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான அளவு. 12 லிட்டருக்கு 6 கிலோ வைக்கிறீர்கள், அது ஏறத்தாழ சரி. பால் குறையக் குறையத் தீவனத்தையும் 4.5, பிறகு 3 என்று குறைத்திருந்தால், கறவையில் இருந்த நாட்களுக்கு 1,440 கிலோ ஆகியிருக்கும். வற்றிய ஐந்து மாதத்தில் முதல் மூன்று மாதம் நாளுக்கு ஒரு கிலோ, கடைசி இரண்டு மாதம் இரண்டு கிலோ என்று 210 கிலோ. ஆக 1,650 கிலோ, 33 மூட்டை, 44,550 ரூபாய். லிட்டருக்கு இதுவே 18 ரூபாய் 55 காசு ஆகிவிட்டது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வைப்பது நிஜமாகவே 6 கிலோதானா என்று தராசில் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார், "மூணு கிலோ பிடிக்கும் டாக்டர்" என்றார். என் வண்டியில் இருந்த கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தோம், கம்பெனி தீவனம் 1 கிலோ 900 கிராம். அதே டப்பாவில் தவிட்டை அள்ளினால் அதுகூட இல்லை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் நின்றது. தவிடு லேசு, டப்பா ஒன்றுதான் என்றாலும் எடை ஒன்றில்லை. அவர் பல மாதமாக மாடு ஏன் எலும்பு தெரிகிறது என்று மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எந்தத் தீவனமானாலும் உங்கள் டப்பாவில் ஒரு தடவை எடை பார்த்து, மேலே பெயின்ட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

பசுந்தீவனம் சும்மா வருவதில்லை. அந்த 25 சென்டில் கோ-5 இல்லாமல் வேறு பயிர் வைத்திருந்தால் ஏதோ ஒரு காசு நின்றிருக்கும். அதையும், கரணை, உரம், வாய்க்கால் வேலை எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு 22,000 என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று மாட்டுக்கும் நாளுக்கு 20 கிலோ வீதம் வருடம் 22 டன் அறுக்கிறீர்கள், கிலோ 1 ரூபாய். செவலையின் 480 நாளுக்கு 9,600 ரூபாய்.

வைக்கோலும் அப்படித்தான். சொந்த வயல் என்பதால் செலவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவடை முடிந்ததும் கட்டு கட்டும் மிஷின் வந்து, களத்திலேயே வியாபாரி விலை கேட்கிறாரே, அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கோலைப் போரில் ஏற்றுகிறீர்கள். விற்காமல் விட்ட காசும் செலவுதான். நாளுக்கு 4 கிலோ, 480 நாளுக்கு 1,920 கிலோ. 15 கிலோ கட்டு 90 ரூபாய் என்றால் 128 கட்டு, 11,520 ரூபாய். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தும் மாட்டின் தேய்மானமும்

தாது உப்புக் கலவை நாளுக்கு 40 கிராம், அது ஒரு 2,000 ரூபாய். நான்கு சினை ஊசிக்கு, வருகிறவருக்குக் கொடுப்பதையும் சேர்த்து, 1,000. குடற்புழு மருந்து, காம்பு கழுவும் மருந்து 500. மடிநோய் ஒரு சுற்றில் ஒரு தடவையாவது வரும் என்று வைத்து, மருந்துக்கும் அந்த நாட்களில் கீழே ஊற்றும் பாலுக்குமாக 2,500. மொத்தம் 6,000. எல்லோரும் மாட்டு வைத்தியச் செலவு மலை போல ஆகிறது என்கிறார்கள், எழுதிப் பார்த்தால் லிட்டருக்கு இரண்டரை ரூபாய்தான் வருகிறது. மலை தீனியில் இருக்கிறது.

யாரும் எழுதாத செலவு, மாடே தேய்வது. 55,000-க்குப் பிடித்த மாட்டை நான்கு ஈற்று கறந்துவிட்டு 25,000-க்கு விற்பீர்கள். நடுவில் போன 30,000-ஐ நான்கால் வகுத்தால் சுற்றுக்கு 7,500. கொட்டகைக் கூரை, பாத்திரம், கயிறு, காப்பீடு எல்லாம் சேர்ந்து 4,500. ஆக 12,000.

வரவிலும் இரண்டு உண்டு. கன்றுக்கு 4,000, எருவுக்கு 4,000 என்று வைத்து 8,000-ஐக் கழித்துவிடுவோம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இப்படி நிற்கிறது:

அடர்தீவனம் 44,550
பசுந்தீவனம் 9,600
வைக்கோல் 11,520
மருந்து, ஊசி, தாது உப்பு 6,000
மாட்டுத் தேய்மானம், கொட்டகை 12,000
கழிக்க வேண்டிய கன்று, எரு 8,000
நிகரச் செலவு 75,670

2,400 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 31 ரூபாய் 50 காசு. உங்கள் உழைப்பு இதில் ஒரு பைசா கூடச் சேரவில்லை.

உங்கள் கூலியை எப்படிப் பார்ப்பது?

சாணி அள்ளுவது, புல் அறுத்துச் சுமப்பது, கறப்பது, சொசைட்டிக்குப் போய் வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்து மூன்று மாட்டுக்கு நாளுக்கு 5 மணி நேரத்துக்குக் குறையாது. களை எடுக்கப் போனால் ஏழு மணி நேரத்துக்கு 350 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 50. நாளுக்கு 250, அதில் செவலையின் பங்கு மூன்றில் ஒன்று, 480 நாளுக்கு 40,000 ரூபாய். இதைச் சேர்த்தால் லிட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல் போகிறது. உங்கள் வீட்டுக்காரர் நஷ்டம் என்கிறாரே, அவர் மனதில் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

ஆனால் அவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் களை எடுக்க யாரும் கூப்பிடப் போவதில்லை. அந்த நேரத்தை விற்க உங்களுக்கு வேறு சந்தை கிடையாது. அதனால் இந்த இரண்டு எண்ணையும் இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 31.50 என்பது, இருக்கும் மாட்டை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்ய. விலை அதற்கு மேல் இருக்கும் வரை மாடு உங்களுக்கு ஏதோ கூலி கொடுக்கிறது. 48 என்பது, ஆள் வைத்துப் பெரிதாகச் செய்யலாமா என்று முடிவு செய்ய. 36 ரூபாய் விலையில் அதற்கு இடமே இல்லை.

இப்போது மாடு என்ன கூலி கொடுக்கிறது? 2,400 லிட்டர் 36 ரூபாய்க்கு 86,400. செலவு போக 10,730 மிச்சம். செவலைக்காக நீங்கள் உழைத்தது 800 மணி நேரம். மணிக்கு 13 ரூபாய் 40 காசு. இதை எழுதுவதற்கே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் மாதா மாதம் கையில் காசு புரள்வதாக உங்களுக்குத் தெரிகிறதே, அது பொய்யில்லை. வைக்கோலுக்கும் புல்லுக்கும் நிலத்துக்கும் சேர வேண்டிய காசும், நாளைக்கு மாடு மாற்ற ஒதுக்க வேண்டிய காசும் சேர்ந்தேதான் பால் காசாக உங்கள் கைக்கு வருகிறது. மாடு விற்கிற அன்றுதான் அது தெரியும்.

ஊசியைத் தள்ளிப் போட்டதால் போன காசு

சரி, இந்த 13 ரூபாயை எப்படி ஏற்றுவது? தீவனத்தைக் குறைப்பதாலோ மருந்தைக் குறைப்பதாலோ நடக்காது. 480 நாளைக் குறைக்க வேண்டும்.

மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அப்படியானால் செவலை சினை பிடித்தது, ஈன்று 200-ஆம் நாள் போல. முதல் ஊசியே நான்கு மாதம் கழித்துப் போட்டிருக்கிறீர்கள், நாலாவதுக்குப் பிடித்திருக்கிறது, கணக்கு பொருந்துகிறது. ஊசி போடுபவரையோ விந்துக் குச்சியையோ குறை சொல்ல இதில் பெரிதாக ஒன்றுமில்லை, நீங்கள் ஆரம்பித்ததே தாமதம். ஈன்று 60 நாள் கழிந்து, கருப்பை சுத்தமாகி, மாடு பருவத்துக்கு வந்துவிட்டால் ஊசி போடலாம். 70-ஆம் நாள் முதல் ஊசி போட்டு, அது தவறி, 21 நாள் கழித்து இரண்டாவதும் தவறி, மூன்றாவதுக்குப் பிடித்தால் கூட 112-ஆம் நாள்தான் ஆகும். அடுத்த கன்று 13 மாதத்தில் விழுந்துவிடும்.

சீக்கிரம் சினையானால் பால் குறைந்துவிடும் என்று ஊரில் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சினை ஐந்து மாதம் தாண்டிய பிறகு வயிற்றுக் கன்று பாலில் கை வைக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் கவனிக்கும் அளவுக்கு ஒன்றும் நடக்காது. செவலைக்கு அந்த நேரம் வரும்போது நான்கு ஐந்து லிட்டர் கறவையில் இருக்கும். இழப்பது மொத்தமாக ஒரு 100 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2,400-க்குப் பதில் 2,300.

அந்த 2,300 லிட்டரை 395 நாள் சுற்றுக்குப் போட்டுப் பார்த்தேன். வற்றிய நாள் ஐந்து மாதத்திலிருந்து 80 நாளாகிறது. அடர்தீவனம் 41,445, பசுந்தீவனம் 7,900, வைக்கோல் 9,480, மருந்து 5,000, தேய்மானமும் கொட்டகையும் 11,200. கன்றும் எருவும் 7,300 போக, நிகரம் 67,725. லிட்டருக்கு 29 ரூபாய் 45 காசு.

இரண்டு ரூபாய்தானே குறைந்தது என்று தோன்றும். மிச்சத்தைப் பாருங்கள். 82,800 வரவில் 15,075 நிற்கிறது, அதுவும் 658 மணி நேர உழைப்பில். மணிக்கு 13.40-ஆக இருந்தது 22 ரூபாய் 90 காசு ஆகிறது. மாட்டையும் மாற்றவில்லை, தீவனத்தையும் மாற்றவில்லை, சொசைட்டி விலையும் ஏறவில்லை. முதல் ஊசியை ஒன்றரை மாதத்துக்கு மேல் முன்னால் போட்டோம், நாலாவதுக்குப் பதில் மூன்றாவதுக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

வற்றிய மாடு ஒரு நாளைக்குத் தின்பது ஒரு கிலோ தீவனம் 27, புல் 20, வைக்கோல் 24, ஆக 71 ரூபாய். ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், ஏறத்தாழ 1,500 ரூபாய் தீனி. கட்டியே வைக்கும் ஜெர்சி கலப்பு சத்தம் போடாமலே பருவத்துக்கு வந்து போய்விடும், அதுதான் சிக்கல். காலையில் கொட்டகை கூட்டும்போது வாலுக்குக் கீழே, படுத்த இடத்தில், கண்ணாடி போல நீண்டு தொங்கும் வழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்குப் பால் ஒரு லிட்டர் திடீரென்று குறையும், தீனியை மோந்து பார்த்துவிட்டு நிற்கும். அவிழ்த்து விட்டால் மற்ற மாடு ஏற அசையாமல் நிற்கும். அசையாமல் நிற்பதுதான் நம்பத் தகுந்த அடையாளம்.

தீவனத்தை நிறுத்தியது

பால் கொடுக்காத மாட்டுக்கு எதற்குத் தீவனம் என்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் மூன்றாவது மாட்டுக்கு நாளைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று வேகமாக வளர்கிறது, மடியும் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிறது. நாளுக்கு 2 கிலோ வீதம் 60 நாளுக்கு 3,240 ரூபாய் ஆகும். இதை மிச்சம் பிடித்து மாடு மெலிந்து ஈன்றால், உச்சப் பால் ஒரு லிட்டர் குறைந்தாலே அந்த ஈற்று முழுவதற்கும் 200 லிட்டர் போகும், 7,200 ரூபாய். எட்டாவது மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கு முழு 60 நாள் இல்லாமல் போகலாம், இருக்கும் நாட்களை விடாதீர்கள். ஒரேயடியாக இரண்டு கிலோ வைக்காமல் அரை கிலோவில் ஆரம்பித்து ஏற்றுங்கள்.

கறவையில் இருக்கும் மாட்டுக்கு வைப்பது அதிகமா குறைவா என்று நீங்களே சோதிக்கலாம். 27 ரூபாய் தீவனம், 36 ரூபாய் பால். ஒரு கிலோ கூட்டினால் 750 மில்லியாவது பால் கூட வேண்டும், அரை கிலோவுக்கு 375 மில்லி. செவலைக்கு ஒரு வாரம் அரை கிலோ கூட்டி அளந்து பாருங்கள், அந்த அளவு ஏறினால் வைத்துக்கொள்ளுங்கள், ஏறாவிட்டால் பழைய அளவுக்கே வாருங்கள். இரண்டாவது மாட்டுக்கு இதையே திருப்பிச் செய்யலாம், அரை கிலோ குறைத்தும் பால் இறங்காவிட்டால் அது இத்தனை நாள் வீணாகத்தான் போயிருக்கிறது.

கடன் வாங்கி இரண்டு மாடு

இப்போது வேண்டாம். செவலைக்கு 31.50 ஆவதற்குக் காரணமே கிலோ 1 ரூபாய் புல்லும் சொந்த வைக்கோலும்தான். உங்கள் 25 சென்ட் மூன்று மாட்டோடு சரியாகிவிடும். நாலாவது மாட்டுக்கு வெளியில் புல் வாங்க வேண்டும். கிலோ 4 ரூபாய் என்றால் சுற்றுக்கு 9,600 ஆன இடத்தில் 38,400 ஆகும், அதனால் லிட்டருக்கு 12 ரூபாய் ஏறி 43.50 ஆகிவிடும். விற்பது 36-க்கு. இதற்கு மேல் கடன் தவணையும், ஐந்து மாட்டை ஒருவர் பார்க்க முடியாமல் வைக்கும் ஆளின் கூலியும் வேறு. கூடுதலாக ஒரு 15 சென்டில் கோ-5 ஊன்றி, அது அறுப்புக்கு வந்த பிறகு ஒரு மாட்டைப் பற்றி யோசியுங்கள்.

தீவனம், மருந்துக்குக் கைமாற்றும் வட்டிக்கடனும் வாங்குகிறவராக இருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மாடு வளர்ப்புக்கும் உண்டு. ஆனால் அது தீவனம், வைத்தியம் போன்ற நடப்புச் செலவுக்கு, மாடு பிடிக்க அல்ல. தவணை தவறாமல் கட்டினால் வட்டிச் சலுகை கிடைக்கும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலும் வங்கியிலும் விண்ணப்பம் கேளுங்கள்.

விற்பது பற்றி வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். நிறைசினை மாட்டை இப்போது விற்பது தவறு, அது சும்மா தின்ற மாதங்களின் செலவை நீங்கள் ஏற்கனவே கட்டிவிட்டீர்கள், பால் வரப் போகும் நேரத்தில் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். கேள்வி இரண்டாவது மாட்டின் மேல்தான். எட்டு மாதம் காலியாக நிற்கிறது. இந்த வாரமே மருத்துவரை வரவழைத்துக் கை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கருப்பையில் புண்ணா, சினைப்பை வேலை செய்யவில்லையா, அல்லது பருவம் வந்து நீங்கள் பார்க்காமல் விட்டதா என்று அப்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும். சிகிச்சைக்கு இரண்டு பருவம், அதாவது ஆறு வாரம் கொடுங்கள். பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால் 4 லிட்டராவது கறக்கும்போதே விற்றுவிடுங்கள். வற்றி, காலி மாடாகச் சந்தைக்குப் போனால் விலை பாதியாகும், அதுவரை நாளுக்கு 71 ரூபாயும் போய்க்கொண்டிருக்கும்.

செவலை ஆவணியில் ஈன்றது, இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அதாவது நீங்கள் தள்ளிப் போட நினைக்கும் நாட்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டன. கொட்டகையில் ஒரு நாள்காட்டி மாட்டி, ஈன்ற தேதியை வட்டமிடுங்கள். காலையில் பருவம் தெரிந்தால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. போட்ட தேதியிலிருந்து 21-ஆம் நாளைக் குறித்து, அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் விடியற்காலையில் டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். திரும்பவும் பருவத்துக்கு வராவிட்டால் இரண்டரை மாதத்தில் சினைப் பரிசோதனை. வந்துவிட்டால் அன்றைக்கே அடுத்த ஊசி.